குளோரின் கலந்த கையோடு வால்வைத் திறக்கலாமா?

"எங்கள் ஊராட்சியில் 30,000 லிட்டர் மேல்நிலைத் தொட்டி. காலை ஆறு மணிக்கு பிளீச்சிங் பவுடர் கரைத்து ஊற்றியதும் வால்வைத் திறந்துவிடுகிறார்கள். முதல் குழாயில் சோதித்தால் குளோரின் 1 பிபிஎம் காட்டுகிறது, வாடையும் நன்றாக வருகிறது. சுகாதார ஆய்வாளர் அரை மணி நேரம் விட்டுத்தான் திறக்க வேண்டும் என்கிறார். பவுடரைக் கொஞ்சம் கூடுதலாகப் போட்டால் காத்திருக்கத் தேவையில்லைதானே?"

தேவை. கூடுதல் பவுடர் அந்த அரை மணி நேரத்துக்கு ஈடாகாது. உங்கள் தொட்டி அளவே உள்ள ஒரு தொட்டியில் நான் நேரில் பார்த்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். காரணத்தை அதை வைத்தே விளக்குவது எளிது.

குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்த நாட்களில் ஒரு கிராமத்துப் புகார் எங்களிடம் வந்தது. ஊர்ப் பெயர் வேண்டாம். ஆற்றுப்படுகைக் கிணற்றிலிருந்து மோட்டார் வைத்து 30,000 லிட்டர் தொட்டிக்கு ஏற்றி, அங்கிருந்து தெருக்குழாய்களுக்கு விடுகிறார்கள். தொட்டியை ஒட்டிய முதல் இரண்டு தெருக்களில்தான் குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு விட்டு விட்டு வந்துகொண்டிருந்தது. கடைசித் தெருவில் அவ்வளவாக இல்லை. எல்லாரும் குழம்பிப் போனார்கள். குளோரின் வாடை அதிகமாக வருவது முதல் தெருவில்தான், சோதித்தால் 1 பிபிஎம் காட்டுவதும் அங்கேதான். கடைசித் தெருவில் 0.3 தாண்டுவதில்லை. குளோரின் அதிகம் உள்ள இடத்தில் ஏன் நோய்?

அதற்கு முன்பே அந்தத் தண்ணீரைச் சோதனைக்கு அனுப்பியிருந்தார்கள். சாதாரண சுத்தமான பாட்டிலில் பிடித்து, பேருந்தில் மூன்று மணி நேரம் பயணமாகி எங்களிடம் வந்தது. கோலிஃபார்ம் கிருமி எதுவும் வளரவில்லை. "குடிக்க உகந்தது" என்று அறிக்கை போயிருக்கிறது. இதை நினைத்து இன்றும் வருத்தப்படுகிறேன், ஏனென்றால் அந்த அறிக்கையை நம்பித்தான் அவர்கள் மேலும் சில வாரம் அப்படியே தண்ணீர் விட்டார்கள்.

அடுத்த முறை நானே போனேன். காலை ஆறு மணிக்கு ஆபரேட்டர் பவுடர் கரைசலை ஊற்றினார், ஐந்து நிமிடத்தில் வால்வைத் திறந்தார். முதல் குழாயில் ஒரே நேரத்தில் இரண்டு பாட்டில்களில் தண்ணீர் பிடித்தேன். ஒன்று வெறும் பாட்டில். இன்னொன்றில் கிருமிநீக்கம் செய்யும்போதே சோடியம் தயோசல்பேட் சில துளிகள் சேர்த்திருந்தது. தயோசல்பேட் குளோரினை அந்தக் கணமே செயலிழக்கச் செய்துவிடும். வெறும் பாட்டிலில் கிருமி இல்லை. தயோசல்பேட் பாட்டிலில் கோலிஃபார்மும் வந்தது, மலம் கலந்திருப்பதைக் காட்டும் ஈ.கோலையும் வந்தது.

ஒரே குழாய், ஒரே நிமிடம், ஒரே தண்ணீர். வெறும் பாட்டிலில் இருந்த குளோரினுக்குக் கிருமிகளோடு மூன்று மணி நேரம் கிடைத்தது. பேருந்திலேயே வேலையை முடித்துவிட்டது. குடத்தில் பிடித்து அப்படியே குழந்தைக்குக் கொடுத்த வீட்டில் அந்தக் குளோரினுக்குக் கிடைத்ததோ சில நிமிடங்கள். தயோசல்பேட் பாட்டில் காட்டியது குழாயடியில் இருந்த தண்ணீரை. வெறும் பாட்டில் காட்டியது மூன்று மணி நேரம் கழித்து அது ஆகியிருக்கும் தண்ணீரை. கிருமிச் சோதனைக்குக் குளோரின் கலந்த தண்ணீரை அனுப்பும் எவரும் பரிசோதனைக் கூடத்திலேயே தயோசல்பேட் போட்ட பாட்டிலைக் கேட்டு வாங்க வேண்டும்.

இப்போது காரணத்துக்கு வருவோம். கிருமிநாசினியைத் தொட்டவுடன் எல்லாக் கிருமியும் ஒரே நேரத்தில் செத்துவிடுவதில்லை. ஒவ்வொரு நிமிடமும் உயிரோடு இருப்பவற்றில் ஒரு குறிப்பிட்ட பங்கு சாகும். அடுத்த நிமிடம் மிச்சத்தில் அதே பங்கு சாகும். இதை 1908-ல் ஹாரியட் சிக் என்ற ஆய்வாளர் கணக்காக்கினார். அதே ஆண்டு ஹெர்பர்ட் வாட்சன் கிருமிநாசினியின் அடர்த்தியையும் அந்தக் கணக்கில் சேர்த்தார். இன்று உலகம் முழுவதும் குடிநீர்ப் பொறியாளர்கள் வைத்திருக்கும் C × t கணக்கு இதிலிருந்து வந்ததுதான். C என்பது தண்ணீரில் உள்ள குளோரின், பிபிஎம்மில், அதாவது லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம். t என்பது அது தண்ணீரோடு இருந்த நிமிடங்கள். இரண்டையும் பெருக்கி வரும் எண்தான் கிருமி சாவதைத் தீர்மானிக்கிறது. 0.5 பிபிஎம்மில் 30 நிமிடம் என்றால் 15. 1 பிபிஎம்மில் 5 நிமிடம் என்றால் 5. அந்த ஊர் முதல் தெருவில் வாடை அதிகம், பெருக்கல் தொகை குறைவு.

எந்தக் கிருமிக்கு எவ்வளவு தேவை என்பதில் பெரிய வித்தியாசம் உண்டு. 25 டிகிரி வெப்பத்தில், பிஎச் 7.5 உள்ள தெளிந்த தண்ணீரில் 1 பிபிஎம் குளோரின் இருந்தால், ஈ.கோலை ஒரு நிமிடத்துக்குள் போய்விடும். மஞ்சள் காமாலை தரும் ஹெபடைட்டிஸ் ஏ வைரஸுக்கு 16 நிமிடம் வேண்டும். ஜியார்டியா என்ற குடல் ஒட்டுண்ணிக்கு 45 நிமிடம். கிரிப்டோஸ்போரிடியம் என்று ஒன்று இருக்கிறது, அதற்குப் பத்து நாளுக்கு மேல் ஆகும். அது குளோரினுக்கு மசியாது, வடிகட்டித்தான் பிடிக்க வேண்டும். 1993-ல் அமெரிக்காவின் மில்வாக்கி நகரத்தில் ஏறக்குறைய நான்கு லட்சம் பேர் நோயுற்றது, குளோரின் போட்ட தண்ணீரில் அது தப்பி வந்ததால்தான். ஆகவே அரை மணி நேர விதியும் எல்லாவற்றுக்கும் காப்பு அல்ல. காலரா, டைஃபாய்டு போன்ற பாக்டீரியாக்களுக்கும் பெரும்பாலான வைரஸ்களுக்கும் அது போதும், நம் ஊர்த் தொட்டிகளில் நாம் பயப்படுவதும் முக்கியமாக அவற்றுக்குத்தான்.

இங்கே நீங்கள் நியாயமாக ஒரு கேள்வி கேட்கலாம். ஈ.கோலை ஒரு நிமிடத்தில் சாகுமென்றால், 1 பிபிஎம்மில் ஐந்து நிமிடம் இருந்த அந்தத் தண்ணீரில் அது எப்படி உயிரோடு வந்தது? எனக்கும் அதே சந்தேகம் வந்தது. அதனால் அந்தக் குழாயடியிலேயே நின்று இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை குளோரின் பார்த்தேன். முதலில் 1, அப்புறம் 0.2, அப்புறம் திடீரென்று 2-க்கு மேல், மறுபடி 0.5. கரைசல் தொட்டியில் கலக்கவே இல்லை. மேலிருந்து ஊற்றிய அடர்ந்த கரைசல் கனமானது. நேராக அடியில் இறங்கி, வெளியேறும் குழாய் வாயருகே கோடு கோடாகப் போய்க்கொண்டிருந்தது. ஒரு குடம் தண்ணீருக்கு வேண்டியதைப் போல இரண்டு பங்கு, அடுத்த குடத்துக்குக் கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. ஒரு நிமிடம் என்ற கணக்கு ஆய்வகத்தில், நன்றாகக் கலந்த தெளிந்த நீரில், தனித்தனியாக மிதக்கும் கிருமிகளுக்கானது. தொட்டியிலோ கிருமி அழுக்குத் துகளுக்குள்ளும் பாசித் துணுக்குக்குள்ளும் ஒளிந்திருக்கும். குளோரின் உள்ளே ஊறிப் போக நேரமாகும். ஆக அந்த அரை மணி நேரத்தில் கொல்வதற்கான நேரம் மட்டும் இல்லை, கலப்பதற்கான நேரமும் ஊறுவதற்கான நேரமும் சேர்ந்திருக்கின்றன. எவ்வளவு கூடுதலாகப் போட்டாலும் கலக்காத குளோரின் தான் தொடாத தண்ணீரைச் சுத்தம் செய்யாது.

இன்னொரு கோளாறும் அங்கே இருந்தது. தண்ணீர் விடும்போது மோட்டாரும் ஓடிக்கொண்டிருந்தது. கிணற்றிலிருந்து புதிதாக ஏறும் தண்ணீர் பவுடர் போட்ட பிறகு தொட்டிக்குள் விழுகிறது, விழுந்த வேகத்திலேயே வெளிக்குழாய்க்குப் போகிறது. தொட்டி என்றால் பலரும் வரிசையில் நிற்கும் கூட்டம் போல நினைக்கிறார்கள், முதலில் வந்த தண்ணீர் முதலில் போகும் என்று. அப்படி இல்லை. அந்த வால்வில் நிமிடத்துக்கு 500 லிட்டர் போனது. 30,000 லிட்டரை 500-ஆல் வகுத்தால் 60 நிமிடம் வருகிறது, ஒவ்வொரு சொட்டும் ஒரு மணி நேரம் தங்கும் என்று தோன்றும். ஆனால் உள்ளே தடுப்புச் சுவர் இல்லாத தொட்டியில் தண்ணீரின் ஒரு பகுதி குறுக்கு வழியில் ஓடிவிடும் என்பதால், பொறியாளர்கள் பாதுகாப்புக்காகப் பத்தில் ஒரு பங்கு நேரத்தைத்தான் கணக்கில் எடுக்கிறார்கள். அதாவது 6 நிமிடம். தொட்டி பாதி காலியானால் அதுவும் 3 நிமிடமாகிவிடும். உள்ளே வளைந்து வளைந்து போகும்படி தடுப்புச் சுவர்கள் நன்றாகக் கட்டியிருந்தால் பத்தில் ஏழு பங்குகூட எடுக்கலாம். 24 மணி நேரமும் தண்ணீர் விடும் நகரத் திட்டங்களில் இதற்காகவே தனித் தொட்டி கட்டுகிறார்கள்.

உங்களைப் போன்ற கிராமத் தொட்டிக்கு அந்தச் செலவே தேவையில்லை. நிரப்பி, மோட்டாரை நிறுத்தி, வால்வை மூடி வைத்தால் போதும். மூடிய தொட்டியில் குறுக்கு வழி கிடையாது, எல்லாச் சொட்டுக்கும் ஒரே நேரம் கிடைக்கும். காசு செலவில்லாமல் கிடைக்கும் இந்த வசதியை வால்வை உடனே திறந்து வீணாக்கக் கூடாது என்பதுதான் என் ஆதங்கம்.

சரி, அளவைக் கூட்டி நேரத்தைக் குறைக்கலாம் என்ற யோசனையைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். 0.5 பிபிஎம்மில் அரை மணி நேரம் தரும் அதே தொகை 15 வேண்டும், நேரம் 6 நிமிடம்தான் என்றால் குளோரின் 2.5 பிபிஎம் இருக்க வேண்டும். 3 நிமிடம் என்றால் 5 பிபிஎம். 5 என்பது உலக சுகாதார நிறுவனம் உடல்நலத்துக்காக வைத்திருக்கும் உச்ச அளவு, ஆனால் நாக்கு அதற்கு வெகு முன்பே மறுத்துவிடும். சிலருக்கு 0.3 பிபிஎம்மிலேயே குளோரின் சுவை தெரியும். இந்தியத் தர நிர்ணயம் ஐஎஸ் 10500 வரையறுப்பது 0.2, வேறு நீர் கிடைக்காவிட்டால் 1 வரை. 2.5 பிபிஎம் தண்ணீரைக் குடத்தில் பிடித்துத் துணி துவைக்க வைத்துக்கொண்டு, குடிக்கப் பக்கத்துக் கிணற்றுக்குப் போகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். அந்தக் கிணற்றில் குளோரினே இல்லை. அளவு கூடியதால் அவர்கள் குடித்தது முன்னைவிட மோசமான தண்ணீர்.

C என்ற எழுத்தைப் பற்றியும் ஒரு தெளிவு வேண்டும். அது நீங்கள் போட்ட அளவு அல்ல. காத்திருந்த நேரத்தின் முடிவில் மிஞ்சி இருக்கும் அளவு. தண்ணீரில் கரைந்த இரும்பு, அழுகிய இலைதழைச் சாறு, தொட்டி அடியில் படிந்த சேறு எல்லாமே குளோரினைச் சாப்பிடும். ஒரு மில்லிகிராம் கரைந்த இரும்பு மட்டுமே ஏறக்குறைய 0.64 மில்லிகிராம் குளோரினை எடுத்துக்கொள்ளும். அந்தப் பசியெல்லாம் அடங்கிய பிறகு மிஞ்சுவதுதான் எஞ்சிய குளோரின், கிருமியைக் கொல்வதும் வழியில் காப்பதும் அதுதான். போட்ட ஐந்து நிமிடத்தில் நீங்கள் பார்க்கும் 1 பிபிஎம் இன்னும் பசி தீராத தண்ணீரின் அளவு. அரை மணி கழித்து அதே தண்ணீர் 0.5 காட்டலாம், 0.1-உம் காட்டலாம். பார்க்காமல் சொல்ல முடியாது.

எவ்வளவு போடுவது? நம் ஊரில் பரவலாகச் சொல்லப்படும் கணக்கு ஆயிரம் லிட்டருக்கு 4 கிராம் பிளீச்சிங் பவுடர். உங்கள் தொட்டிக்கு 120 கிராம். பவுடர் புதிதாக இருந்து அதில் 33 சதவீதம் குளோரின் இருந்தால் தண்ணீரில் 1.3 பிபிஎம் சேரும். ஆனால் வாய் திறந்து கிடக்கும் மூட்டை ஈரத்திலும் வெயிலிலும் வேகமாக வலுவிழக்கும். 20 சதவீதமாகக் குறைந்திருந்தால் அதே 120 கிராம் 0.8 பிபிஎம்தான் தரும். அந்த மூட்டையின் வலு என்ன, அந்தத் தண்ணீரின் பசி என்ன என்று இரண்டு தெரியாத கணக்குகள். இரண்டையும் ஒரே சோதனையில் தீர்க்க ஒரு வழி இருக்கிறது, அதைத்தான் அந்த ஊரில் செய்து காட்டினேன்.

அவர்கள் பயன்படுத்தும் மூட்டையிலிருந்தே 30 கிராம் பவுடரை எடுத்து ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்துத் தெளியவிட்டோம். நான்கு வாளிகளில் குளோரின் போடாத கிணற்றுத் தண்ணீர் பத்துப் பத்து லிட்டர். ஊசி போடும் சிரிஞ்சால் தெளிவை முதல் வாளியில் அரை மில்லி, அடுத்ததில் ஒன்று, அப்புறம் ஒன்றரை, கடைசியில் இரண்டு மில்லி விட்டு, நன்றாகக் கலக்கி, மூடி, நிழலில் அரை மணி நேரம் வைத்தோம். பிறகு குளோரின் பார்த்தால் முதல் வாளியில் பூஜ்யம், இரண்டாவதில் 0.3, மூன்றாவதில் 0.8, நான்காவதில் 1.3. நமக்கு வேண்டியது 0.5. இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் நடுவில் 1.2 மில்லி சரியாக வரும். பத்து லிட்டருக்கு 1.2 மில்லி என்றால் 30,000 லிட்டருக்கு 3,600 மில்லி. லிட்டருக்கு 30 கிராம் கரைத்திருக்கிறோம், ஆக 108 கிராம் பவுடர். மூட்டையில் எத்தனை சதவீதம் என்று தெரிய வேண்டிய அவசியமே வரவில்லை, ஏனென்றால் தொட்டியில் போடப்போவதும் அதே பவுடர்தான். அவர்கள் ஏற்கெனவே போட்டுக்கொண்டிருந்தது 120 கிராம். அளவில் குறையே இல்லை! நேரம்தான் இல்லை.

மூட்டை மாறினால், மழைக்காலத்தில் கிணற்றில் புதுவெள்ளம் கலந்தால், இந்த வாளிச் சோதனையை மறுபடி செய்ய வேண்டும். தண்ணீர் கலங்கலாக இருந்தால் சோதனையே ஏமாற்றும். முதலில் தெளியவோ வடிகட்டவோ வழி பார்க்க வேண்டும்.

அந்த ஊரில் நடைமுறையை மாற்றியது இவ்வளவுதான். அதிகாலை நாலு மணிக்கு மோட்டார் போட்டு, தொட்டி பாதி நிரம்பியதும் கரைசலை ஊற்றுவது. பவுடரை வாளியில் முதலில் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கூழாக்கி, அப்புறம் வாளி நிறையக் கலக்கி, பத்து நிமிடம் சுண்ணாம்பு அடியில் படியவிட்டு, மேல் தெளிவை மட்டும் ஊற்ற வேண்டும். தண்ணீர் விழும் இடத்திலேயே ஊற்றினால் விழும் வேகமே கலக்கிவிடும். தொட்டி நிரம்பியதும் மோட்டாரை நிறுத்தி, அதிலிருந்து நாற்பது நிமிடம் கழித்து வால்வைத் திறப்பது. விநியோகம் முடியும்வரை மோட்டார் போடக் கூடாது. பவுடர் 110 கிராம். முதல் குழாயில் இப்போது 0.5, இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை பார்த்தாலும் அதே 0.5 சுற்றித்தான். வாடை குறைந்தது என்று முதல் தெருக்காரர்கள் பவுடரைக் குறைத்துவிட்டதாகக் கோபப்பட்டார்கள். தயோசல்பேட் பாட்டிலில் அன்று ஒரு கோலிஃபார்மும் வளரவில்லை. குளோரின் பாதியானது, பெருக்கல் தொகை 5-லிருந்து 20 ஆனது.

கடைசித் தெரு முன்பும் ஏன் தப்பித்தது என்பது இப்போது புரியும். குழாயில் போய்ச் சேர எடுத்துக்கொண்ட நேரம் அவர்களுக்குத் தொடர்பு நேரமாக உதவியது. குளோரின் குறைவு, நேரம் அதிகம்.

சோதிக்கும் முறையில் ஒரு பொறி இருக்கிறது. நிறைய ஊராட்சிகளில் குளோரோஸ்கோப் என்ற சின்னப் பெட்டி இருக்கும். ஆர்த்தோடொலிடின் திரவம் சில சொட்டு விட்டால் தண்ணீர் மஞ்சளாகும். அந்த மஞ்சளுக்கு இரண்டு காரணம் உண்டு. ஒன்று கட்டற்ற குளோரின், நமக்கு வேண்டியது. இன்னொன்று தண்ணீரில் இருக்கும் அமோனியாவோடு சேர்ந்து குளோரமைன் ஆகிவிட்ட பிணைந்த குளோரின். சாக்கடைக் கசிவும் உரக் கசிவும் கலந்த தண்ணீரில் அமோனியா இருக்கும். குளோரமைனும் குளோரின்தான், ஆனால் மிக மந்தம். 20 டிகிரியில் வைரஸ்களைப் பத்தாயிரத்தில் ஒன்றாகக் குறைக்கக் கட்டற்ற குளோரினுக்குப் பெருக்கல் தொகை 3 போதும் என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் அட்டவணை சொல்கிறது. குளோரமைனுக்கு அதே அட்டவணையில் 746. அரை மணி நேரம் காத்திருந்து 0.5 பிபிஎம் மஞ்சள் பார்த்தாலும் அது முழுக்கக் குளோரமைன் என்றால் நீங்கள் காத்திருந்தது வீண்.

கண்டுபிடிப்பது கடினமில்லை. ஆர்த்தோடொலிடின் விட்ட பத்து வினாடிக்குள் வரும் நிறம் பெரும்பாலும் கட்டற்ற குளோரின். அதற்குப் பிறகு ஐந்து நிமிடத்தில் மெல்ல மெல்ல ஏறும் நிறம் பிணைந்தது. ஆகவே உடனே பார்த்து எழுதிக்கொண்டு, ஐந்து நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தால் நல்லது. உடனே வெளிறித் தெரிந்து பிறகு அடர்ந்தால் அமோனியா இருக்கிறது. இன்னும் நம்பகமானது டிபிடி மாத்திரை. முதல் மாத்திரையில் வரும் இளஞ்சிவப்பு கட்டற்ற குளோரினை மட்டும் காட்டும், மூன்றாம் எண் மாத்திரையைச் சேர்த்தால் மொத்தமும் தெரியும். வாங்க முடிந்தால் டிபிடியே வாங்குங்கள். ஆனால் குளோரின் மிக அதிகமாக இருந்தால் அந்தச் சிவப்பு வந்த கணமே வெளுத்துவிடும், குளோரின் இல்லை என்று ஏமாறக் கூடாது. அதே நீரில் ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு குளோரின் இல்லாத நீர் கலந்து மறுபடி பார்த்தால் உண்மை தெரியும்.

தண்ணீரின் பிஎச் அளவும் நேரத்தைக் கூட்டும். குளோரின் தண்ணீரில் இரண்டு வடிவத்தில் இருக்கும், ஹைப்போகுளோரஸ் அமிலமாகவும் ஹைப்போகுளோரைட்டாகவும். கிருமியைக் கொல்வதில் முதலாவது பல பத்து மடங்கு வல்லது. பிஎச் 7-ல் முக்கால் பங்கு அமிலமாக இருக்கும், 8-ல் கால் பங்குதான். சோதனை இரண்டையும் சேர்த்தே காட்டுவதால் 0.5 என்ற எண் மாறாது, வேலை மாறிவிடும். உலக சுகாதார நிறுவனம் 0.5 பிபிஎம், 30 நிமிடம் என்று சொல்லும்போது பிஎச் 8-க்குக் கீழே இருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடுதான் சொல்கிறது. நம் ஆழ்துளைக் கிணறுகள் பலவற்றில் பிஎச் 8-ஐத் தாண்டும். அங்கே நான் ஒரு மணி நேரம் விடச் சொல்வேன். குளிரும் அப்படித்தான், வெப்பம் பத்து டிகிரி குறைந்தால் நேரம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். சமவெளியில் கவலை இல்லை. ஊட்டி, கொடைக்கானல் பக்கம் தொட்டி பார்ப்பவர்கள் இதை மறக்கக் கூடாது.

இரவே நிரப்பி, பவுடர் போட்டு, காலையில் திறக்கலாமா என்றும் அடுத்து கேட்பீர்கள். நேரம் தாராளமாகக் கிடைக்கும், தவறில்லை. ஆனால் எட்டு மணி நேரத்தில் குளோரின் தேய்ந்துவிடும், குழாயில் காப்பதற்கு மிஞ்சாமல் போகலாம். திறக்கும் முன் ஒருமுறை பாருங்கள், 0.5-க்குக் கீழே போயிருந்தால் குறையும் அளவுக்குச் சிறிது கரைசல் சேர்த்துக் கலக்கி, மறுபடி அரை மணி விட்டுத் திறக்க வேண்டும்.

திறந்த பிறகு பார்க்க வேண்டிய இடம் முதல் குழாய் அல்ல, கடைசி வீடு. அங்கே 0.2 இருக்க வேண்டும். வைரஸ் நோய் பரவும் காலத்தில் ஐஎஸ் 10500 குறைந்தது 0.5 கேட்கிறது. தினமும் இரண்டு இடத்திலும் பார்த்து ஒரு நோட்டில் எழுதிவந்தால், வழக்கமாக 0.3 இருக்கும் கடைசி வீடு ஒருநாள் தொட்டியில் எந்த மாற்றமும் இல்லாமலே பூஜ்யமாகும்போது உடனே கண்ணில் படும். அன்று பவுடரைக் கூட்டாதீர்கள். பெரும்பாலும் நடுவில் எங்கோ குழாய் உடைந்து சாக்கடையை உள்ளே இழுத்திருக்கும், அதுதான் குளோரினைத் தின்றிருக்கும். அந்த அழுக்கோடு இருக்கக் குளோரினுக்குக் கிடைப்பது மிச்சமுள்ள குழாய் தூரத்தின் ஓரிரு நிமிடம்தான். அந்தத் தெருவுக்குத் தண்ணீரை நிறுத்தி, வீட்டுக்கு வீடு காய்ச்சிக் குடிக்கச் சொல்லிவிட்டு, தெருத்தெருவாகக் குளோரின் பார்த்துக்கொண்டே போங்கள். எந்த இரண்டு குழாய்களுக்கு நடுவில் அது சட்டென்று விழுகிறதோ, அங்கே தோண்டுங்கள்.